இரும்பிலிருந்து உயிர்ப்பாற்றல்: ரியோ டின்டோ நுண்ணுயிரியின் வரவு செலவு

ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கே ஹுவெல்வா மாகாணத்தில் ரியோ டின்டோ என்றோர் ஆறு ஓடுகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளம். நீர் அடர்சிவப்பு, அதன் பிஎச் அளவு தலைமாட்டிலிருந்து கழிமுகத்துக்கு அருகில் வரை 2.3 என்ற எண்ணைச் சுற்றியே நிற்கிறது. அங்கே பல ஆயிரம் ஆண்டுகளாகச் செம்பும் வெள்ளியும் வெட்டி எடுக்கப்பட்டதால், இந்த நிலைக்குச் சுரங்கங்களே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் சுரங்கத் தொழில் தொடங்குவதற்கு மிக முன்பே படிந்த இரும்புப் படிவங்கள் கரையோர மேடுகளில் கிடைத்திருக்கின்றன. மலையடியில் கிடக்கும் பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாதுவும், அதைக் கரைத்துப் பிழைக்கும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து உருவாக்கிய ஆறு இது. சுரங்கங்கள் அந்த வேலையை விரைவுபடுத்தின.

அந்த நுண்ணுயிரிகளில் ஒன்றான அசிடிதயோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் பற்றியே இங்கு எழுதுகிறேன். 1947-இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழிந்த அமில நீரில் இதை முதலில் கண்டார்கள். இரும்பையும் கந்தகத்தையும் கொண்டு எப்படி உயிர் வாழ முடியும் என்பதை இந்த ஓர் உயிரியிடமே முழுதாகக் கற்றுக்கொள்ளலாம். இரண்டையும் செய்யத் தெரிந்தது அது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் சர்க்கரையிலிருந்து ஆற்றல் பெறுகிறோம் என்று சொல்லும்போது, உண்மையில் சர்க்கரையின் எலக்ட்ரான்களைப் பிரித்தெடுத்து ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். எலக்ட்ரானைத் தளர்வாகப் பிடித்திருக்கும் பொருளிடமிருந்து, அதை இறுகப் பற்றும் பொருளுக்கு அது நகரும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. அந்தப் பிடிகளின் வேறுபாட்டை வோல்ட் கணக்கில் அளக்கிறார்கள். எனவே உணவு கரிமப் பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆக்சிஜனைவிடத் தளர்வாக எலக்ட்ரானைப் பிடித்திருக்கும் எதுவும் உணவாகலாம். கரைந்த நிலையில் இருக்கும் ஃபெரஸ் இரும்பு (Fe²⁺) ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் இரும்பாக (Fe³⁺) மாறுகிறது. அந்த ஓர் எலக்ட்ரான்தான் இந்த உயிரியின் சோறு.

ஆனால் அது மிகச் சிறிய கவளம். ஒரு மோல் குளுக்கோஸ் ஆக்சிஜனுடன் முழுமையாக வினைபுரிந்தால் ஏறத்தாழ 2,870 கிலோஜூல் கிடைக்கும். குளுக்கோஸ் 24 எலக்ட்ரான்களைத் தருவதால், ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 120 கிலோஜூல். அமில நீரில் இரும்பின் எலக்ட்ரான் தருவது சுமார் 30 கிலோஜூல்தான், கால் பங்கு. செல்லின் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றை உருவாக்கத் தேவைப்படும் அளவுக்குக்கூட ஓர் இரும்பு அணுவின் வருமானம் போதாது. இந்த உயிரியின் உடலமைப்பும் இருப்பிடமும் இப்படி இருப்பதற்கு இந்த வறுமையே பெரிதும் காரணம் என்று நினைக்கிறேன்.

அமிலத்தில் வாழ்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுநிலை நீரில் காற்றுப் பட்டால் ஃபெரஸ் இரும்பு நிமிடக் கணக்கில் தானாகவே துருவாகிவிடும்; நுண்ணுயிரிக்கு எதுவும் மிஞ்சாது. அங்கே வாழும் கல்லியோனெல்லா போன்ற இரும்பு உண்ணும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் மிகக் குறைவாக உள்ள இடுக்குகளைத் தேடி, தானாக நடக்கும் வினையோடு போட்டியிட்டுக் கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பிஎச் 3-க்குக் கீழே நிலைமை தலைகீழ். அங்கே ஃபெரஸ் இரும்பு காற்றோடு கலந்திருந்தாலும், அதில் பாதி தானாக மாறுவதற்கே ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆற்றல் தேங்கிக் கிடக்கிறது, எடுக்க வேறு ஆளில்லை. நுண்ணுயிரி அந்த வினையைப் பத்து லட்சம் மடங்கு வரை விரைவுபடுத்திக் கொள்கிறது.

இனி எலக்ட்ரான் நடக்கும் வழியைப் பார்ப்போம். இந்த பாக்டீரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. இரும்பு உள்ளே வருவதே இல்லை. வெளிச்சவ்வில் பதிந்திருக்கும் சைட்டோக்ரோம் புரதம் ஒன்று, வெளியே நிற்கும் இரும்பிடமிருந்து எலக்ட்ரானை மட்டும் வாங்கிக்கொள்கிறது. இந்த ஏற்பாடு இல்லையென்றால் செல் மடிந்துவிடும். செல்லின் உட்புறம் கிட்டத்தட்ட நடுநிலையில், பிஎச் 6.5 அளவில் இருக்கிறது. அங்கே ஃபெரிக் இரும்பு உருவானால் உடனே துருவாகப் படிந்து எல்லாவற்றையும் அடைத்துவிடும். வாங்கிய எலக்ட்ரான், இரு சவ்வுகளுக்கும் இடையே நிறைந்திருக்கும் ரஸ்டிசயனின் என்ற நீலநிறச் செம்புப் புரதத்திடம் வருகிறது. அமிலத்தில் சிதையாமல் நிற்கும் புரதம் அது. அங்கிருந்து இன்னொரு சைட்டோக்ரோம் வழியாக உட்சவ்வில் உள்ள ஆக்சிடேஸ் நொதியைச் சேர்ந்து, ஆக்சிஜனோடு இணைந்து நீராகிறது.

2Fe²⁺ + ½O₂ + 2H⁺ → 2Fe³⁺ + H₂O

இந்தச் சமன்பாட்டில் இடப்பக்கம் நிற்கும் இரண்டு புரோட்டான்களை, அதாவது நீரை அமிலமாக்கும் H⁺ அயனிகளை, கவனிக்க வேண்டும். நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியா, எலக்ட்ரான் இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்களை ஒரு சவ்வுக்கு வெளியே தள்ளுகின்றன. அவை திரும்ப உள்ளே பாயும்போது ஏடிபி உருவாகிறது. ரியோ டின்டோவிலோ வெளிப்புறம் ஏற்கெனவே அமிலம். பிஎச் 2.3-க்கும் 6.5-க்கும் இடையிலான வேறுபாடு என்றால், வெளியே புரோட்டான்களின் செறிவு உள்ளே இருப்பதைப்போல ஏறத்தாழ 16,000 மடங்கு. அவை ஏடிபி நொதியின் வழியாக உள்ளே பாயக் காத்திருக்கின்றன. அப்படியானால் ஆற்றல் இலவசம்தானே, இரும்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

இரும்பு தேவைப்படுவது உள்ளே வந்த புரோட்டான்களைத் தீர்ப்பதற்கு. புரோட்டான்கள் நுழைந்துகொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் செல்லின் உட்புறமும் அமிலமாகிவிடும், நேர்மின்னூட்டமும் ஏறி, பாய்ச்சல் நின்றுவிடும், உயிர் முடிந்தது. ஓட்டைப் படகில் செல்பவன் நீரை இறைத்துக்கொண்டே இருப்பதுபோல், வரும் புரோட்டானை அந்தந்த நொடியே அகற்ற வேண்டும். இரும்பிடமிருந்து வரும் எலக்ட்ரான் அதைத்தான் செய்கிறது. அது உள்ளே வரும்போது எதிர்மின்னூட்டத்தைக் கொண்டுவந்து சமன் செய்கிறது. ஆக்சிஜனோடும் புரோட்டானோடும் கூடி நீராகி, அமிலத்தையும் தீர்க்கிறது. அதனால்தான் இரும்பு தீர்ந்துவிட்ட அமில நீரில் இந்த உயிரிக்குப் பட்டினி மட்டுமல்ல, அமிலமும் ஆபத்தாகிவிடுகிறது.

ஏடிபி கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடவில்லை. சர்க்கரையை உண்ணும் உயிருக்கு உடலைக் கட்டும் கார்பனும் அதிலேயே வந்துவிடுகிறது. இதற்கு அந்த வசதி இல்லை. செடிகளைப் போலவே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கால்வின் சுழற்சி மூலம் பிடித்துத்தான் உடலைக் கட்ட வேண்டும். அதற்கு ஏடிபியோடு என்ஏடிபிஎச் என்ற, எலக்ட்ரானை மிகத் தளர்வாக வைத்திருக்கும் மூலக்கூறும் வேண்டும். இங்கேதான் பெரிய இடர். அந்த மூலக்கூறின் நிலை −0.32 வோல்ட், இரும்பின் எலக்ட்ரான் நிற்பதோ +0.77 வோல்ட்டில். ஒரு வோல்ட்டுக்கும் மேல் எதிர்த்திசையில் ஏற்ற வேண்டும். இந்த பாக்டீரியா, நம் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதை ஒத்த புரதத் தொகுதிகளையே பின்னோக்கி இயக்குகிறது. நமக்கு எலக்ட்ரான் இறங்கும்போது புரோட்டான் வெளியேறுகிறது; அதற்குப் புரோட்டான் உள்ளே பாயும் விசையால் எலக்ட்ரான் மேலேறுகிறது. அப்படி உள்ளே வந்த புரோட்டான்களையும் இரும்பைக் கொண்டே தீர்த்தாக வேண்டும். ரஸ்டிசயனினிடம் வரும் எலக்ட்ரான்களில் பெரும்பகுதி கீழிறங்கி ஆக்சிஜனிடம் போக, சிறு பகுதி மட்டுமே மேலேறுகிறது.

மொத்தச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கார்பன் அணுவைச் சர்க்கரை நிலைக்குக் கொண்டுவர நான்கு எலக்ட்ரான்கள் வேண்டும். அதாவது நான்கு இரும்பு அணுக்கள். அவற்றை ஏற்றுவதற்கான ஆற்றலைக் கூட்டினால், சிறிதும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் சுமார் 15 இரும்பு அணுக்கள் ஆகின்றன. எடையில் சொன்னால், ஒரு கிராம் கார்பனுக்குக் குறைந்தது 70 கிராம் இரும்பு. வீணாவதையும் சேர்த்தால் நடைமுறையில் இதைப்போலப் பல மடங்கு. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் ஓர் ஆற்றையே சிவக்க வைப்பது இந்தக் கணக்கினால்தான். சிறிது வளர்வதற்கே அவ்வளவு இரும்பை மாற்றித் தள்ள வேண்டியிருக்கிறது.

அவ்வளவு இரும்பு எங்கிருந்து கிடைக்கிறது? நுண்ணுயிரி வெளியே விடும் ஃபெரிக் இரும்பு சும்மா இருப்பதில்லை. அது பைரைட்டைத் தாக்கிக் கரைத்து, தான் மீண்டும் ஃபெரஸாக மாறுகிறது. ஒரு பைரைட் அலகைக் கரைக்க 14 ஃபெரிக் அயனிகள் செலவாகி, 15 ஃபெரஸ் அயனிகள் திரும்பி வருகின்றன. கூடவே 16 புரோட்டான்களும் வெளிவந்து நீரை மேலும் அமிலமாக்குகின்றன. கழிவே அடுத்த வேளை உணவைப் பாறையிலிருந்து பெயர்த்துத் தருகிறது. கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து அமில நீர் வழியத் தொடங்கினால் நிறுத்துவது கடினமாக இருப்பதற்கும் இந்தச் சுழற்சியே காரணம். ஆக்சிஜன் போகாதபடி கழிவுக் குவியலை நீரில் மூழ்கடிப்பது ஒரு வழி. இன்னொன்று, சோப்புத்தூளில் பயன்படும் சோடியம் லாரில் சல்ஃபேட்டைத் தெளிப்பது. அது சவ்வைச் சிதைக்க, புரோட்டான்கள் தடையின்றி நுழைந்து செல்லைக் கொல்கின்றன. ஆனால் மழையில் கரைந்து போய்விடும் என்பதால் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும்.

கந்தகத்தின் கதை வளமானது. ஓர் அணு கந்தகம் கந்தக அமிலமாக மாறும்போது ஆறு எலக்ட்ரான்களைத் தருகிறது. ஒரு மோலுக்கு ஏறத்தாழ 587 கிலோஜூல், அதாவது ஒரு மோல் எலக்ட்ரானுக்குக் கிட்டத்தட்ட 98. இரும்பைப் போல மூன்று மடங்கு! அந்த எலக்ட்ரான்கள், எலக்ட்ரான் கைமாறிச் செல்லும் புரதச் சங்கிலியின் மேல்மட்டத்திலேயே, குயினோன் என்ற மூலக்கூறிடம் நுழைவதால், என்ஏடிபிஎச் செய்வதற்கு ஏற வேண்டிய தூரமும் குறைவு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கந்தகம் எட்டு அணுக்கள் கொண்ட வளையமாக, நீரில் கரையாத திடப்பொருளாகக் கிடக்கிறது. செல் அதன் மேல் ஒட்டிக்கொண்டு, வெளிச்சவ்வுப் புரதங்களில் உள்ள தயோல் என்ற கந்தக முனைகளால் வளையத்தை உடைத்து, படிப்படியாக சல்ஃபைட்டாகவும் பிறகு சல்ஃபேட்டாகவும் மாற்ற வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைத்தால், குறைந்த வருமானம் தரும் இரும்பையே இந்த பாக்டீரியா முதலில் எடுத்துக்கொள்கிறது; அது தீர்ந்த பிறகே கந்தகத்துக்கான நொதிகளைப் பெருமளவில் செய்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில், கந்தகத்தின் எலக்ட்ரானை ஃபெரிக் இரும்பிடமே கொடுத்துச் சுவாசிக்கவும் அதற்குத் தெரியும்.

இப்படி ஒரு வாழ்க்கை இருக்க முடியும் என்பதை முதலில் கண்டவர் ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. 1887-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பெக்கியடோவா என்ற இழைப் பாக்டீரியாவை நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்த்தார். ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த நீரை ஊற்றினால் அதன் செல்களுக்குள் கந்தகத் துளிகள் நிரம்பின. அந்த வாயு இல்லாத நீரில் துளிகள் கரைந்து மறைந்தன, சல்ஃபேட் உருவானது. அவர் அந்தத் துளிகளை உணவுச் சேமிப்பாகப் புரிந்துகொண்டார். அடுத்த ஆண்டே இரும்பு பாக்டீரியாக்களைப் பற்றியும் எழுதினார்.

நம் உயிரியை ஆய்வகத்தில் அடையாளம் காண்பது எளிது. ஃபெரஸ் சல்ஃபேட், சிறிது அம்மோனியம், பாஸ்ஃபேட், மெக்னீசியம் உப்புகள், கந்தக அமிலம், காற்று இவை போதும். வெளிர்பச்சைக் கரைசல் சில நாட்களில் செம்பழுப்பாகிவிடும். கிருமி நீக்கிய இன்னொரு குடுவையை அருகில் வைத்து, அது பச்சையாகவே இருப்பதைப் பார்த்தால்தான் மாற்றத்துக்கு உயிர் காரணம் என்று உறுதியாகும். ஆனால் அகார் தட்டில் வளர்ப்பது நெடுங்காலம் பெரும் தலைவலியாக இருந்தது. அகார் என்பது சர்க்கரைகளால் ஆன பொருள்; அமிலத்தில் அது மெல்லச் சிதைந்து சர்க்கரைகளை வெளிவிடுகிறது. மற்ற உயிர்களுக்கு விருந்தாகும் கரிமப் பொருள்கள் இவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. குறிப்பாகக் கரிம அமிலங்கள், வெளியே மின்னூட்டமில்லாமல் இருப்பதால் சவ்வைத் தாண்டி நுழைந்து, நடுநிலையான உட்புறத்தில் புரோட்டானைக் கழற்றிவிடுகின்றன. இரும்பைக் கொண்டு இறைக்கும் வேகம் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. வேல்ஸ் நாட்டு பாங்கர் பல்கலைக்கழகத்தின் பேரி ஜான்சன் இதற்கு இரண்டடுக்குத் தட்டு ஒன்றை உருவாக்கினார். கீழடுக்கில் கரிமப் பொருளை உண்ணும் அசிடிஃபிலியம் என்ற அமில பாக்டீரியாவைக் கலந்துவிடுகிறார்கள். அது சர்க்கரைகளைத் தின்று தீர்க்க, மேலடுக்கில் இரும்பு உண்பவை துருநிறப் புள்ளிகளாக வளர்கின்றன. ரியோ டின்டோவிலும் இவை இரண்டும் ஒரே நீரில் வாழ்கின்றன. ஒன்று கரியமில வாயுவிலிருந்து கட்டிக் கசியவிடும் கரிமப் பொருளை மற்றொன்று உண்கிறது.