கடன் கொடுக்கும்போது வங்கி யாருடைய கணக்கில் கை வைக்கிறது?

"ஊரார் போட்ட டெபாசிட்டைத்தானே வங்கி எடுத்துக் கடனாகக் கொடுக்கிறது?" வங்கிக் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் பதிலைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார், நாம் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. சமீப காலமாக இதற்கு நேர் எதிரான இன்னொரு பேச்சும் கிளம்பியிருக்கிறது: "வங்கி உங்களுக்குக் கொடுத்தது வெறும் எண். அதன் கையிலிருந்து எதுவும் போகவில்லை. அதனால் நீங்கள் கடனைக் கட்டவே வேண்டாம்." இதை நம்பி, சொல்பவர்களுக்கே கட்டணம் கொடுத்து, தவணையை நிறுத்தி, கடைசியில் சொத்தை இழக்கிறவர்களும் உண்டு.

முதல் பேச்சு தவறு. இரண்டாவது பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது இன்னும் ஆபத்தானது. ஒரே ஒரு கடனை எடுத்துக்கொண்டு, கணக்குப் புத்தகத்தில் என்ன நடக்கிறது என்று வரிவரியாகப் பார்த்தால் இரண்டும் தெளிந்துவிடும்.

ஒரு சிறிய வங்கியை வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கோடியில், நாணயம் எதுவாக இருந்தாலும் சரி.

| சொத்துகள் | | பொறுப்புகளும் மூலதனமும் | |
|---|---|---|---|
| மத்திய வங்கியில் இருப்பு | 20 | வாடிக்கையாளர் டெபாசிட் | 180 |
| அரசுப் பத்திரங்கள் | 30 | மூலதனம் | 20 |
| கொடுத்த கடன்கள் | 150 | | |
| மொத்தம் | 200 | மொத்தம் | 200 |

இடது பக்கத்தில் இருப்பது வங்கிக்கு வர வேண்டியதும் வங்கி வைத்திருப்பதும். வலது பக்கத்தில் இருப்பது வங்கி பிறருக்குத் தர வேண்டியதும், அதுபோக மிஞ்சும் பங்குதாரர்களின் மூலதனமும். நம் டெபாசிட் நமக்குச் சொத்து, வங்கிக்கோ அது கடன். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எளிது.

இப்போது ஒரு தொழில்முனைவோர் இயந்திரம் வாங்க 4 கோடி கேட்கிறார். வருமானக் கணக்கு, ஈடு, பழைய கடன் வரலாறு எல்லாம் பார்த்துக் கடன் அனுமதிக்கப்படுகிறது. அனுமதிக் கடிதம் போனதால் மட்டும் இருப்புநிலைக் குறிப்பில் எதுவும் மாறாது. பணம் விடுவிக்கும் நாளில்தான் பதிவு விழுகிறது. அந்த வவுச்சரில் இரண்டே வரிகள்:

```
பற்று: கடன் கணக்கு (கடன்தாரர் பெயரில்)      4
வரவு: நடப்புக் கணக்கு (அதே கடன்தாரர் பெயரில்) 4
```

அவ்வளவுதான். எந்த டெபாசிட்தாரரின் கணக்கும் பற்று வைக்கப்படவில்லை. மத்திய வங்கி இருப்புக் கணக்கும் தொடப்படவில்லை. கடன்கள் 150-லிருந்து 154 ஆகின்றன, டெபாசிட் 180-லிருந்து 184 ஆகிறது. இருபுறமும் மொத்தம் 204. நேற்று எங்குமே இல்லாத 4 கோடி டெபாசிட் இன்று இருக்கிறது. கடன்தாரர் அதை வைத்துப் பொருள் வாங்கலாம், கூலி கொடுக்கலாம், அது முழுப் பணம்தான். டெபாசிட் வந்ததால் கடன் பிறக்கவில்லை, கடன் கொடுத்ததால்தான் டெபாசிட் பிறந்தது.

இது ஏதோ சதிக் கதை அல்ல. இங்கிலாந்து மத்திய வங்கி 2014-ல் தன் காலாண்டு இதழில் இதை வெளிப்படையாகவே விளக்கியது. ஜெர்மனியின் மத்திய வங்கி 2017-ல் அதையே எழுதியது. பொருளியலாளர் ரிச்சர்ட் வெர்னர் 2013-ல் ஜெர்மனியின் ஒரு சிறு வங்கியில் 2 லட்சம் யூரோ கடன் வாங்கி, அதைக் கொடுப்பதற்கு வங்கி வேறு எந்தக் கணக்கிலிருந்தாவது பணம் எடுத்ததா என்று உள்பதிவுகளைச் சோதித்தார். எடுக்கவில்லை. வங்கிக் கணக்கராக இருப்பவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, வவுச்சரே அப்படித்தான் இருக்கும்.

ஒரு தனிமனிதர் தன் நண்பருக்குக் கடன் கொடுத்தால் இது நடக்காது. அவர் கணக்கில் குறையும், நண்பர் கணக்கில் கூடும், அவ்வளவுதான். டெபாசிட் வாங்க உரிமம் இல்லாத நிதி நிறுவனமும் அப்படித்தான், தன் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துத்தான் தர முடியும். வங்கிக்கு மட்டும் ஏன் முடிகிறது என்றால், வங்கி எழுதிக் கொடுக்கும் வாக்குறுதியை எல்லோரும் பணமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த வாக்குறுதிக்குத்தான் டெபாசிட் என்று பெயர்.

சரி, அப்படியானால் வங்கியிடமிருந்து எதுவும் போகவில்லையா? இங்கேதான் "கட்ட வேண்டாம்" கூட்டம் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. கடன் வாங்குகிறவர் கணக்கில் வைத்து அழகு பார்க்க வாங்குவதில்லை. மறுநாளே இயந்திரம் விற்றவருக்கு 4 கோடியை அனுப்புகிறார். விற்றவரின் கணக்கு வேறொரு வங்கியில் இருக்கிறது. அந்த வங்கி நம் வங்கியின் வாக்குறுதியை வாங்கிக்கொள்ளாது, மத்திய வங்கிப் பணத்தில் தீர்க்கச் சொல்லும். அதனால் நம் வங்கியின் புத்தகம் இப்படி ஆகிறது:

| சொத்துகள் | | பொறுப்புகளும் மூலதனமும் | |
|---|---|---|---|
| மத்திய வங்கியில் இருப்பு | 16 | வாடிக்கையாளர் டெபாசிட் | 180 |
| அரசுப் பத்திரங்கள் | 30 | மூலதனம் | 20 |
| கொடுத்த கடன்கள் | 154 | | |
| மொத்தம் | 200 | மொத்தம் | 200 |

முதல் அட்டவணையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், வங்கி தன் இருப்பிலிருந்து 4 கோடியை எடுத்துக் கடன் கொடுத்தது போலவே தெரியும். ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் பார்ப்பவர்களுக்கு "வங்கி ஒரு இடைத்தரகர்" என்ற எண்ணம் வருவதற்கு இது ஒரு காரணம். ஆனால் விற்றவரின் வங்கியில் டெபாசிட்டும் 4 கூடியிருக்கிறது, மத்திய வங்கி இருப்பும் 4 கூடியிருக்கிறது. இரண்டு வங்கிகளையும் சேர்த்துக் கூட்டினால் மத்திய வங்கி இருப்பு பழைய அளவிலேயே இருக்கிறது, டெபாசிட் மட்டும் 4 அதிகம். புதிதாகப் பிறந்த பணம் ஊர் மாறியிருக்கிறதே தவிர, மறையவில்லை.

ஆகவே வங்கி உண்மையாகவே 4 கோடி மத்திய வங்கிப் பணத்தை இழந்திருக்கிறது. கடன்தாரர் உண்மையாகவே ஒரு இயந்திரத்தைப் பெற்றிருக்கிறார். "எதுவும் தரவில்லை" என்ற வாதம் நிற்காமல் போவது இதனால்தான். அமெரிக்க நீதிமன்றங்களில் இதே வாதத்தைப் பலர் வைத்துப் பார்த்தார்கள், தொடர்ந்து தள்ளுபடிதான் ஆகியிருக்கிறது.

இப்போது நம் வங்கியின் கருவூலப் பிரிவுக்கு வேலை வருகிறது. 20 இருந்த இடத்தில் 16. இப்படியே பத்துக் கடன் போனால் பணம் அனுப்பச் சொல்லும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல முடியாது. வழிகள் சில உண்டு. பிற வங்கிகளிடம் குறுகிய காலக் கடன் வாங்கலாம், பத்திரத்தை விற்கலாம் அல்லது அடகு வைத்து மத்திய வங்கியிடம் பெறலாம், இல்லையென்றால் கூடுதல் வட்டி காட்டி வெளி வங்கிகளில் இருக்கும் டெபாசிட்டை இங்கே இழுக்கலாம். வங்கிகள் டெபாசிட்டுக்குப் போட்டி போடுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். டெபாசிட்டைத் தானே உருவாக்க முடிகிற வங்கியும், உருவாக்கியதைத் தன்னிடமே தக்கவைக்கப் பாடுபட வேண்டியிருக்கிறது. எல்லா வங்கிகளும் ஒரே வேகத்தில் கடன் கொடுத்தால் போவதும் வருவதும் பெரும்பாலும் ஈடாகிவிடும். ஒரு வங்கி மட்டும் முந்தி ஓடினால் அதன் இருப்பு வேகமாக வடியும். வங்கியின் ஆண்டறிக்கையைப் படிக்கிறவர்கள் கடன் வளர்ச்சியையும் டெபாசிட் வளர்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

டெபாசிட்டில் ஒரு பங்கை இருப்பாக வைத்தே ஆக வேண்டும் என்னும் கட்டாய இருப்பு விகிதம்தான் கடனுக்குக் கடிவாளம் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்காவில் அந்த விகிதம் 2020 மார்ச் முதல் பூஜ்யம். அதனால் அங்கே கடன் எல்லையில்லாமல் பெருகிவிடவில்லை. கடிவாளம் வேறு இடத்தில், மூலதனத்தில் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் திருப்பிக் கட்டும்போது என்ன ஆகிறது? கடன்தாரர் ஒரு தவணையில் அசல் 10 லட்சம், வட்டி 3 லட்சம் கட்டுகிறார். அவர் நடப்புக் கணக்கில் 13 லட்சம் பற்று. கடன் கணக்கில் 10 லட்சம் வரவு, வட்டி வருமானத்தில் 3 லட்சம் வரவு. அசலுக்குரிய 10 லட்சம் டெபாசிட்டும் குறைகிறது, கடனும் குறைகிறது. அந்தப் பணம் எங்கும் போய்ச் சேரவில்லை, பிறந்த வழியிலேயே அழிந்துவிட்டது. வட்டி 3 லட்சம் லாபமாக மூலதனத்தில் சேர்கிறது. பிறகு ஊழியர் சம்பளமாகவோ டெபாசிட் வட்டியாகவோ பங்கு ஈவாகவோ வங்கி அதைக் கொடுக்கும்போது மறுபடி யாரோ ஒருவரின் டெபாசிட் ஆகிறது. ஒரு நாட்டில் பழைய கடன் அடைபடுவது புதுக் கடனைவிட வேகமாக நடந்தால், வேறு வழியில் பணம் வராதவரை மொத்த டெபாசிட் சுருங்கும். மக்கள் யாரும் ஊதாரியாகச் செலவழிக்காமலே இது நடக்கும்.

இனி அவர் கட்டவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். தொழில் படுத்துவிட்டது, ஈட்டில் ஒன்றும் தேறவில்லை, முதல் தவணைகூட வரவில்லை. பலர் நினைப்பது, கடன் போனால் டெபாசிட்டும் போய்விடும் என்று. அப்படி இல்லை. அந்த 4 கோடி இயந்திரம் விற்றவரின் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. அவருக்கும் இந்த வாராக்கடனுக்கும் சம்பந்தமே கிடையாது. நம் வங்கி தள்ளுபடி செய்யும்போது கடன்கள் 154-லிருந்து 150 ஆகின்றன, மூலதனம் 20-லிருந்து 16 ஆகிறது. அடி முழுவதும் பங்குதாரர்கள் மேல்தான். மூலதனம் தீர்ந்த பிறகே அது டெபாசிட்தாரர் பக்கம் திரும்பும்.

மூலதனம் கடிவாளமாவது இந்த இடத்தில்தான். வங்கிகளுக்கான சர்வதேச பாசல் விதிகளின்படி, ஒவ்வொன்றின் ஆபத்துக்கும் ஏற்ப இடர் எடை கொடுத்துக் கணக்கிட்ட சொத்துகளில் குறைந்தது 8% மூலதனம் வேண்டும், அதன் மேல் 2.5% தாங்கு மூலதனம், ஆக 10.5%. நம் கணக்கில் எளிமைக்காக எல்லாக் கடனுக்கும் 100% எடை, அரசுப் பத்திரத்துக்கும் மத்திய வங்கி இருப்புக்கும் 0% என்று கொள்வோம். கடன் கொடுக்குமுன் விகிதம் 20/150, அதாவது 13.3%. கொடுத்த பிறகு 20/154, சுமார் 13%. ஒரே கடன்தாரருக்கு 4 கோடி என்பதும் மூலதனத்தில் 20%தான், பாசலின் 25% உச்சவரம்புக்குள் இருக்கிறது. அனுமதித்தவர்கள் விதி எதையும் மீறவில்லை. 20 கோடி மூலதனம் 10.5% கணக்கில் சுமார் 190 கோடிக் கடனைத் தாங்கும், ஆகவே இன்னும் 36 கோடி கடன் கொடுக்க இடம் இருந்தது. தள்ளுபடிக்குப் பிறகு 16 கோடி மூலதனம் தாங்குவது சுமார் 152 கோடி. கையில் ஏற்கெனவே 150 இருக்கிறது. ஒரு 4 கோடி கெட்டுப்போனதில், 36 கோடி புதுக் கடனுக்கு இருந்த இடம் 2 கோடிக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிட்டது. மத்திய வங்கியில் இருப்பு 16 கோடி அப்படியே இருக்கிறது, கடன் கேட்டு வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், வவுச்சரில் இரண்டு வரி எழுத எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் அடுத்த விண்ணப்பதாரரிடம் வங்கி "இப்போதைக்கு இல்லை" என்றுதான் சொல்லும்.