கச்சா எண்ணெய்த் தொட்டி கழுவும்போது 8 சதவீத ஆக்சிஜன் விதி: எதற்காக?

1969 டிசம்பரில், ஒரே மாதத்துக்குள், மார்பெசா, மாக்ட்ரா, கோங் ஹாகோன் 7 ஆகிய மூன்று மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் வெடித்தன. மார்பெசா மூழ்கியே போனது. மூன்றும் எண்ணெயை இறக்கிவிட்டு வெறும் தொட்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்தவை. மூன்றிலும் அப்போது தொட்டி கழுவும் வேலை நடந்துகொண்டிருந்தது.

எண்ணெய் இறங்கிய தொட்டி காலி அல்ல. சுவரிலும் தரையிலும் ஒட்டிய எண்ணெயிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றில் சுமார் 1 முதல் 10 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும். அந்தப் பொறியைக் கழுவும் நீரே தந்துவிடும் என்பதுதான் அன்றைய ஆய்வுகள் காட்டிய கொடுமை. பெரிய பீச்சுக்குழாயிலிருந்து பாயும் நீர் சுவரில் மோதிச் சிதறும்போது, தொட்டி முழுவதும் மின்னேற்றம் பெற்ற மூடுபனி பரவுகிறது. அதனூடே விழும் நீர்த்திரள் ஒன்று இரும்புச் சட்டத்தை நெருங்கும்போது பொறி தாவக்கூடும்.

பொறியை முற்றிலும் தவிர்க்க முடியாது என்பதால், எரிவதற்குத் தேவையான ஆக்சிஜனை எடுத்துவிடுவதே விதியின் வழி. ஆக்சிஜன் 11 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆவி எவ்வளவு இருந்தாலும் தீப்பிடிக்காது. கடலில் செல்வோரின் உயிரைக் காப்பதற்கான சோலாஸ் என்ற பன்னாட்டு உடன்பாடு இன்னும் இறங்கி, தொட்டிக்குள் 8 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது. ஆக்சிஜனைக் குறைக்க உள்ளே அனுப்புவது, எரிவதற்கு உதவாத மந்த வாயு; அதில் ஆக்சிஜன் 5 சதவீதம்தான் உச்சம். பெரும்பாலும் இந்த வாயு கப்பலின் கொதிகலன் புகைதான். கடல்நீரால் கழுவிக் குளிரவைத்து அனுப்புகிறார்கள். வெளிக்காற்று நுழையாதபடி தொட்டியின் அழுத்தம் எப்போதும் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். 2016 முதல் கட்டப்படும், 8,000 டன்னும் அதற்கு மேலும் சுமக்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கு இந்த அமைப்பு கட்டாயம். அதற்கு முன் 20,000 டன் என்பதே எல்லை.

இப்போது தொட்டிகளைப் பெரும்பாலும் கச்சா எண்ணெயைப் பீய்ச்சியே கழுவுகிறார்கள். தொடங்கும் முன் மேல்தளத்துக்கு ஒரு மீட்டர் கீழேயும், காலி இடத்தின் நடுவிலும் ஆக்சிஜனை அளக்க வேண்டும். பீய்ச்சப் போகும் எண்ணெயில் நீர் இருந்தால் மின்னேற்றம் கூடும். அதனால் அந்த எண்ணெய் இருக்கும் தொட்டியின் அடியிலிருந்து ஒரு மீட்டர் அளவை முதலில் வெளியேற்றிவிடுவார்கள். இடையில் ஆக்சிஜன் 8 சதவீதத்தைத் தாண்டினாலோ அழுத்தம் விழுந்தாலோ கழுவலை உடனே நிறுத்த வேண்டும். சரிசெய்த பிறகே தொடரலாம்.

ஆள் இறங்குவதற்காகத் தொட்டிக்குள் காற்றை விடும் கட்டத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். உள்ளே 15 சதவீத ஆவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியே காற்றை விட்டால் ஆவி குறையக் குறைய ஆக்சிஜன் ஏறி, கலவை எரியும் எல்லைக்குள் புகுந்துதான் வெளியேறும். அதனால் முதலில் மந்த வாயுவையே தொடர்ந்து செலுத்தி, ஆவியை 2 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும். அதன் பிறகு காற்றை விட்டால் கலவை அந்த எல்லையைத் தொடாது. மந்த வாயு நிரம்பிய தொட்டியில் மூச்சுவிட முடியாது. எனவே ஆக்சிஜன் 21 சதவீதம் காட்டி, எரியும் ஆவியும் நச்சு வாயுவும் இல்லை என்று அளந்து உறுதி செய்த பிறகுதான் உள்ளே ஆள் இறங்கலாம்.