பால் தேத்தண்ணி கசப்பது ஏன்: கொதிக்க விடும் நேரமும் சீனி போடும் தருணமும்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் பால் தேத்தண்ணியில் நிறம் குறைந்தால் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான் நடக்கும்: இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க விடுவது. கசப்பு அங்கேதான் தொடங்குகிறது. தூள் தேயிலையின் நிறம் கொதிநீரில் முதல் இரண்டு நிமிடத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். அதற்குப் பிறகு நிறம் மெல்லத்தான் ஏறும்; துவர்ப்பும் கசப்பும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். நிறம் போதாவிட்டால் நேரத்தைக் கூட்டாமல் தேயிலையைக் கூட்டுங்கள்.

எந்தத் தேயிலை என்பதையும் பார்க்க வேண்டும். நுவரெலியாவின் உயரமான தோட்டங்களில் விளைவது வாசனையானது, ஆனால் சாயம் வெளிறியது. பால் சேர்த்தால் எவ்வளவு கொதித்தாலும் செம்பழுப்புக்கு வராது. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலைதான் பாலைத் தாண்டி நிறம் காட்டும். மசாலா போடும் தேத்தண்ணிக்கு அந்தத் தூளே பொருத்தம்.

நாலு கோப்பைக்கு 350 மில்லிலீற்றர் தண்ணீர், 350 மில்லிலீற்றர் பசுப்பால், 10 கிராம் தூள் தேயிலை எடுங்கள். சின்னக் கரண்டியில் தட்டையாக நாலைந்து வரும். அரை அங்குல இஞ்சி, ஒரு அங்குலக் கறுவா, நாலு ஏலக்காய் போதும்.

இஞ்சியைத் தட்டி, கறுவாவோடு பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்தபின் நாலு நிமிடம். இந்த நாலு நிமிடத்தை யாரும் குறைக்கக்கூடாது. பச்சை இஞ்சியில் பாலைத் திரைய வைக்கும் ஒரு நொதி இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அதன் வேலை நிற்கும். பாலுக்குள் நேரே பச்சை இஞ்சியைப் போட்டுவிட்டு "பால் பழசு" என்று கடைக்காரரைக் குறை சொல்பவர்கள் பலர். ஏலக்காயை இப்போது போடாதீர்கள். அதன் வாசனை ஆவியோடு போய்விடும்.

இனித் தேயிலை. போட்டதும் தீயைக் குறைத்து இரண்டு நிமிடம். அதற்குள் பால் பக்கத்து அடுப்பில் சூடாகி நிற்க வேண்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் கொதி அடங்கிவிடும்; மறுபடி கொதி வர நாலைந்து நிமிடம் போகும், அவ்வளவு நேரமும் தேயிலை ஊறிக்கொண்டிருக்கும். இரண்டு நிமிடம் என்று கணக்குப் பார்த்தவர்களுக்கும் தேத்தண்ணி கசப்பது இதனால்தான். சூடான பாலையும் தட்டிய ஏலக்காயையும் சேர்த்தபின் ஒருமுறை பொங்கி எழவிட்டு, தீயைத் தணித்து இரண்டு நிமிடம் வையுங்கள். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால், இந்தக் கட்டத்தில் கொதிப்பது வெறும் தண்ணீரில் கொதிப்பதைப் போல நாக்கைக் கெடுக்காது.

சீனி கடைசியில்தான். பால் பொங்கி அடங்கி, அடுப்பை அணைக்க ஒரு நிமிடம் இருக்கும்போது சின்னக் கரண்டியால் எட்டுக் கரண்டி போட்டுக் கலக்கி, வடித்துவிடுங்கள். முதலிலேயே போட்டால் நிறம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். சீனி கருகி நிறம் கொடுக்க 160 பாகைக்கு மேல் சூடு வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சட்டி 100 பாகையைத் தாண்டாது. முதலில் போட்ட சீனி செய்வது வேறு இரண்டு வேலை. பாலோடு சேர்ந்து அடிப்பிடிக்கும். சாயத்தின் கசப்பை மறைத்து, ருசி பார்ப்பவரை ஏமாற்றும். உண்மையிலேயே சீனியால் நிறம் வேண்டுமானால், வெறும் சட்டியில் ஒரு கரண்டி சீனியை உருக்கி, தேன் நிறம் வந்ததும் தண்ணீரை விட்டுத் தொடங்குங்கள். தண்ணீர் பட்டதும் சூடாகத் தெறிக்கும், கையைத் தள்ளி வையுங்கள். கறுக்க விட்டால் அதுவே தனிக் கசப்பு.

வீட்டு விசேஷத்துக்கு இருபது கோப்பை போடும்போது எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கலாம், கொதிக்கும் நேரத்தை மட்டும் பெருக்கக்கூடாது. பெரிய சட்டியில் பால் ஊற்றியபின் கொதி திரும்பத் தாமதமாகும். ஆகவே 50 கிராம் தேயிலையை 1.75 லீற்றர் மசாலாத் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, சாயத்தை உடனே வடித்துத் தனியே எடுங்கள். பாலை ஏலக்காயோடு தனியாகப் பொங்கவிட்டு, அதில் சாயத்தை ஊற்றி, ஒரு கொதியில் 200 கிராம் சீனி சேர்த்து இறக்குங்கள். பிந்தி வருபவர்களுக்காகச் சட்டியில் நின்றாலும் கசப்பு ஏறாது, சக்கை உள்ளே இல்லையே.

இவ்வளவும் சரியாகச் செய்தும் நிறம் மங்கி, மேலே மெல்லிய ஆடை மிதந்தால் தண்ணீரைப் பாருங்கள். கேத்தல் அடியில் வெள்ளைப் படலம் பிடிக்கிற கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூட. அதில் எந்தத் தேயிலையும் மங்கலாகத்தான் வரும். தேத்தண்ணிக்கு மட்டுமாவது குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுங்கள்.