ஆறு: ஒரு சொல்லா, பல சொற்களா?

காசிமேட்டுக்கு மீன் வாங்க வருகிறவரிடம் மீன் பெயர்கள் சிலவற்றைச் சொல்லச் சொன்னால், வஞ்சிரம், சங்கரா, மத்தி ஆகியவை முதலில் வரக்கூடும். திருக்கையும் விலாங்கும் சற்று யோசித்த பிறகே வரும். அருகிலேயே கூறு வைத்து விற்கப்படும் கணவாய் மீன்தானா என்று கேட்டால் பலர் தயங்குவார்கள். விலங்கியல்படி திருக்கை மீன், கணவாய் மெல்லுடலி. ஆனால் பேசுகிறவர் மனத்தில் ‘மீன்’ என்ற சொல் இப்படி ஒரு கோட்டை வரைந்து உள்ளே, வெளியே என்று பிரிப்பதில்லை. அதற்கு ஒரு நடுப்பகுதி இருக்கிறது. வஞ்சிரம் அந்த நடுவில் இருக்கிறது, திருக்கை ஓரத்தில் இருக்கிறது.

இந்த நடுப்பகுதியைச் சோதனைகளால் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் எலினோர் ராஷ். 1975ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது ஆய்வில், ஒவ்வொரு பறவையும் ‘பறவை’ என்பதற்கு எவ்வளவு நல்ல எடுத்துக்காட்டு என்று 1 முதல் 7 வரை மதிப்பிடுமாறு மாணவர்களிடம் கேட்கப்பட்டது. அங்கே எங்கும் காணப்படும் ராபின் என்ற சிறு குருவி உச்சியில் நின்றது. பெங்குவின் வெகு கீழே போயிற்று. ‘இது பறவையா?’ என்ற கேள்விக்கும் நடுப்பகுதியில் உள்ளவற்றுக்கே விடை விரைவாக வருகிறது. ஒரு சொல்லின் பொருள் என்பது கட்டாயப் பண்புகளின் பட்டியல் அன்று, ஒரு முன்மாதிரியும் அதை வெவ்வேறு அளவில் ஒத்திருக்கும் உறுப்பினர்களும் சேர்ந்ததே என்ற முன்மாதிரிக் கோட்பாடு இத்தகைய சோதனைகளின் மேல் எழுந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பெங்குவின் கீழே போனதால் அது பாதிப் பறவை ஆகிவிடாது. 1983இல் உளவியலாளர்களான ஆம்ஸ்ட்ராங்கும் இரு கிளைட்மன்களும் இதே சோதனையை ஒற்றைப்படை எண்களை வைத்துச் செய்தபோது, அங்கும் சில எண்கள் மற்றவற்றைவிட ‘நல்ல’ ஒற்றைப்படை எண்கள் என்று மதிப்பிடப்பட்டன. ஒற்றைப்படை என்பதற்கோ துல்லியமான வரையறை உண்டு. ஆகவே, நடுவும் ஓரமும் இருக்கின்றன என்பதை மட்டும் வைத்து வரையறையே இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

அகராதி தொகுப்பவருக்கு இந்தக் கோட்பாடு பெரிதும் உதவுவது ஒரே சொல்லின் பல பொருள்களை ஒழுங்குபடுத்தும் இடத்தில்தான். ‘கண்’ என்ற சொல்லைப் பாருங்கள். அதன் நடுப்பொருள் பார்க்கும் உறுப்பு. தேங்காயின் மூன்று கண்களும் மயில் தோகையின் கண்ணும் வடிவத்தால் அதனுடன் சேர்கின்றன. வலை பின்னுகிறவர் சொல்லும் வலைக்கண் நான்கு பக்கமும் நூலால் சூழப்பட்ட ஒரு திறப்பு. வட்டம் என்ற பண்பு அதில் போய்விட்டது, விளிம்புக்கு நடுவே ஒரு துளை என்ற பண்பு மட்டும் நின்றது. தேங்காய்க் கண்ணுக்கும் வலைக்கண்ணுக்கும் இடையே நேரான ஒற்றுமை அதிகம் இல்லை. ஆனால் இரண்டும் நடுப்பொருளிலிருந்து தனித்தனி வழியாக வந்தவை என்று காட்ட முடியும். இப்படிக் காட்ட முடிகிறவரை அது பல பொருள் கொண்ட ஒரே சொல். அகராதியில் ஒரே பதிவு, அதற்குள் எண்ணிட்ட பொருள்கள்.

காட்ட முடியாதபோது அவை ஒப்புருச் சொற்கள், அதாவது உருவத்தால் மட்டும் ஒன்றுபட்ட வெவ்வேறு சொற்கள். அவற்றுக்குத் தனித்தனிப் பதிவுகள் வேண்டும். நம் நிகண்டுகள் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. ‘ஒருசொற் பல்பொருள்’ என்ற தொகுதியில் இரு வகையையும் சேர்த்தே வைத்தன. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, தலைச்சொல்லின் மேல் சிறிய எண் இட்டு ஒப்புருச் சொற்களைப் பிரித்தது. அந்தச் சிறிய எண்ணை எப்போது இடுவது என்பதே கடினமான கேள்வி.

‘ஆறு’ என்ற சொல்லில் அதைச் செய்து பார்க்கலாம். முதல் சோதனை இலக்கணம். நதி வேற்றுமை ஏற்கும்போது றகரம் இரட்டிக்கிறது: ஆற்றில் தண்ணீர் வருகிறது. எண் அவ்வாறு இரட்டிப்பதில்லை: ஆறிலும் சாவு, நூறிலும் சாவு. ‘காபி ஆறியது’ என்பதில் அது வினை. இம்மூன்றின் பொருள்களையும் ஒரு நடுப்பொருளில் கட்டவும் வழியில்லை. மூன்று பதிவுகள் என்பதில் யாருக்கும் ஐயம் வராது.

நான்காவது ‘ஆறு’ அவ்வளவு எளிதன்று. ஆற்றுப்படை என்பதில் உள்ள ஆறு வழியைக் குறிக்கிறது. ‘அவ்வாறு’, ‘வருமாறு’ என்று எழுதும்போதெல்லாம் நாம் இன்றும் ஆள்வது அதையே. அதுவும் நதியைப் போலவே ‘ஆற்றின்’ என்று திரிகிறது; இலக்கணச் சோதனை இங்கே கை கொடுக்காது. பொருளும் ஒன்றுசேரத் துடிக்கிறது, ஏனெனில் நதி என்பது நீர் போகும் வழிதானே என்று எவருக்கும் தோன்றும். முன்மாதிரிக் கோட்பாட்டை மட்டும் கையில் வைத்திருப்பவர் இரண்டையும் ஒரே பதிவில் அழகாக இணைத்துவிடுவார்.

வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. சங்க இலக்கியத்தில் நதிக்குப் பழைய வடிவம் ‘யாறு’. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலில் வருவது ‘மல்லற் பேர்யாற்று’ என்பதே. யாமை ஆமையாகவும் யாடு ஆடாகவும் ஆனதுபோல யாறும் யகரத்தை இழந்து, வழியைக் குறித்த பழைய ‘ஆறு’ என்ற சொல்லின் மேல் வந்து விழுந்தது. வடசென்னையில் பலர் வீட்டில் பேசும் தெலுங்கு இதை உறுதிசெய்கிறது. தமிழின் யானை அங்கே ஏனுகு, தமிழின் யாறு அங்கே ஏரு. ஆனால் எண்ணான ஆறு அங்கே ஆரு. சொல்லின் முதலில் யா இருந்த இடத்தில் தெலுங்கில் ஏ நிற்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் சேரும் கொசஸ்தலையாற்றின் பெயரில் பழைய யாறு அப்படியே இருக்கிறது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அங்கே இருக்கும் யகரம் ஐகாரத்துக்குப் பின் எப்போதும் வரும் உடம்படுமெய்.

‘கால்’ இதற்கு நேர்மாறானது. கடைக்காரரிடம் கால் கிலோ இறால் கேட்கிறவர் உடலின் காலை நினைப்பதே இல்லை. அவருக்கு அவை இரு சொற்கள். ஆயினும் நாற்கால் விலங்கின் ஒரு கால் நான்கில் ஒரு பங்கு என்ற வழியில் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்ற விளக்கம் உண்டு. வடமொழியின் ‘பாத’ என்ற சொல்லும் காலையும் நாலில் ஒன்றையும் சேர்த்தே குறிக்கிறது என்பது அதற்குத் துணை நிற்கிறது.

ஆகவே, பதிவு ஒன்றா இரண்டா என்பதற்கு முன் அந்த அகராதி எதைப் பதிவு செய்கிறது என்று கேட்க வேண்டும். சொற்பிறப்பைப் பின்தொடரும் அகராதி நதியையும் வழியையும் பிரித்து, இரு கால்களையும் சேர்த்து வைப்பதற்கு இடமுண்டு. இன்றைய வழக்கை மட்டும் பதிவு செய்யும் அகராதி, பேசுகிறவர் உணரும் நடுப்பொருளை அளவுகோலாகக் கொள்வதால், கால்களைப் பிரித்தே ஆக வேண்டும். எந்த அளவுகோல் என்பதை முன்னுரையில் சொல்லாமல், ஓரிடத்தில் வரலாற்றையும் இன்னோரிடத்தில் உணர்வையும் பின்பற்றும் அகராதியில்தான் தலைச்சொல்லின் மேலுள்ள சிறிய எண் வாசகருக்குப் பயன்படாமல் போகிறது.