செலவாகாத 47,000 கோடியை யார் கேட்பது?

வீடுதோறும் குழாய்க் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்துக்கு 2024-25 பட்ஜெட்டில் மத்திய அரசு ஒதுக்கியது 70,163 கோடி ரூபாய். அதே ஆண்டின் திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாகச் சுருங்கியது. இந்த வீழ்ச்சிக்கு மக்களவையில் தனியாக எந்த வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை.

காரணம், மானியக் கோரிக்கை என்பதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு துறையும் "இவ்வளவு வரை செலவழிக்க அனுமதி வேண்டும்" என்று மக்களவையிடம் கேட்கிறது. அரசியல் சட்டத்தின் 113-வது பிரிவுப்படி அவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. ஏற்றால் அது உச்சவரம்பு. வரம்பை மீறிச் செலவு செய்ய வேண்டுமென்றால் துணை மானியக் கோரிக்கையோடு மறுபடி அவைக்கு வர வேண்டும். குறைவாகச் செலவு செய்தால் வர வேண்டியதில்லை. அதாவது கூடுதல் செலவுக்குச் சட்டமே பூட்டுப் போட்டிருக்கிறது. செய்யாமல் விட்ட செலவை யாராவது கேட்டால்தான் உண்டு.

கேட்க என்ன வழி? விவாதத்தின்போது உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். துறையின் கொள்கையையே எதிர்ப்பவர் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார். குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்ட நினைப்பவர் 100 ரூபாய் குறைக்கச் சொல்வார். தொகை எதுவானாலும் தீர்மானம் நிறைவேறினால் அரசு பெரும்பான்மையை இழந்துவிட்டதாகவே பொருள். எனவே ஆளும் கட்சி கொறடா உத்தரவோடு நிற்கும், தீர்மானம் தோற்கும். குறையை அவைக் குறிப்பில் ஏற்றி, அமைச்சரைப் பதில் சொல்ல வைப்பதுதான் அதன் பயன்.

அதற்கும் நேரம் கிடைக்க வேண்டும். ஒதுக்கிய நாட்கள் முடிந்ததும், விவாதிக்கப்படாத கோரிக்கைகள் அனைத்தையும் சபாநாயகர் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவார். இதற்குக் கில்லட்டின் என்று பெயர். 2018 மார்ச் 14 அன்று அமளிக்கு நடுவே ஒரு துறையைக்கூட விவாதிக்காமல் எல்லாக் கோரிக்கைகளும் இப்படித்தான் நிறைவேறின. லட்சக்கணக்கான கோடி ரூபாய் இப்படிப் போவதை நடைமுறை என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே உண்மையான ஆய்வு நடப்பது அவைக்கு வெளியேதான். பட்ஜெட் வந்த பின் நாடாளுமன்றம் சில வாரம் இடைவேளை விடுகிறது. அப்போது துறைசார் நிலைக்குழுக்கள் கூடுகின்றன. ஒரு குழுவில் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். குழு அமைச்சரை அழைக்க முடியாது. வந்து உட்காருபவர் துறைச் செயலாளர். கூட்டம் மூடிய அறையில் நடப்பதால் கட்சிக்காகக் குரல் உயர்த்த வேண்டிய அவசியம் உறுப்பினர்களுக்குக் குறைவு.

குழுவின் முன் ஒவ்வொரு திட்டத்துக்கும் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று மூன்று எண்கள் இருக்கும். ஜல் ஜீவன் போன்ற ஒன்றில் முதல் இரண்டுக்கும் இடையே 47,000 கோடிக்கு மேல் இடைவெளி தெரிந்தால் கேள்விகள் தாமாகவே எழும். மாநிலங்கள் தங்கள் பங்கைப் போடவில்லையா? முந்தைய தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் வரவில்லையா? அல்லது மத்திய அரசே பணத்தை விடுவிக்கவில்லையா? இவ்வளவு குறைந்த பிறகும் 2025-26க்கு 67,000 கோடி கேட்பது எந்தக் கணக்கில்? ஏதாவது ஒரு கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், செயலாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கலாம்.

மாநிலவாரி விவரம் வேண்டுமென்றால் கேள்வி நேரமும் உதவும். உறுப்பினர் பொதுவாக 15 நாள் முன்னதாகக் கேள்வியைத் தர வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார். மக்களவையில் ஒரு நாளைக்குப் பட்டியலில் 20 கேள்விகள்தான், அவற்றிலும் சிலவற்றுக்குத்தான் முறை வரும். முறை வந்த கேள்விக்குத் துணைக் கேள்வி கேட்கலாம். அதிகாரிகள் எழுதித் தந்த தாளைத் தாண்டி அமைச்சர் பேச வேண்டியிருப்பது அங்கேதான்.

குழு அறிக்கைக்கும் எல்லை உண்டு. வெட்டுத் தீர்மானம் போன்ற எதையும் அது பரிந்துரைக்கக் கூடாதென்று விதியே சொல்கிறது. பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. ஆனால் துறை மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களை வகைபிரித்துக் குழு இன்னோர் அறிக்கை வெளியிடும். நடவடிக்கை அறிக்கை எனப்படும் இது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு துறை எங்கே நழுவுகிறது என்று அறிய விரும்புகிறவர் அதன் நான்காம் அத்தியாயத்தைத் திறக்கலாம். துறை தந்த பதிலைக் குழு ஏற்க மறுத்த பரிந்துரைகள் அங்கே இருக்கும். ஐந்தாவதில், இறுதிப் பதில் இன்னும் வராதவை.