புள்ளித்தாளில் கிடைக்கோட்டை அளவாக எண்ணாதீர்கள்

இந்த வாரம் திருத்திய பயிற்சி ஏடுகளிலும் அதே பிழைதான். ஐசோமெட்ரிக் புள்ளித்தாளில் பெட்டி வரையச் சொன்னால், அதன் அடிவிளிம்பைத் தாளின் குறுக்கே கிடைக்கோடாக இழுத்துவிடுகிறார்கள். பெட்டி தரையில் கிடையாகத்தானே இருக்கிறது என்று காரணமும் சொல்கிறார்கள்.

அந்தத் தாளில் புள்ளிகள் சமபக்க முக்கோணங்களாக அமைந்துள்ளன. ஒரு புள்ளிக்கு ஓர் அலகு தொலைவில் ஆறு புள்ளிகள் உண்டு: நேர் மேலே ஒன்று, நேர் கீழே ஒன்று, சாய்வாக நான்கு. கிடையாகப் பக்கத்தில் தெரியும் புள்ளியோ சுமார் 1.73 அலகு தள்ளி இருக்கிறது. ஆகவே கிடையாக மூன்று இடைவெளி எண்ணி 'நீளம் 3' என்று எழுதினால், தாளில் இருப்பது ஏறத்தாழ 5.2 அலகு. உண்மையில் அந்தக் கோடு பெட்டியின் விளிம்பே அன்று. 3-க்கு 3 என்ற சதுர முகத்தின் மூலைவிட்டம். தாளையே 90 பாகை திருப்பி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. நேர் மேலே ஓர் அலகில் புள்ளி இல்லையென்றால் தாளைத் திருப்புங்கள்.

நீளம் 4, அகலம் 3, உயரம் 2 கொண்ட கனச்செவ்வகத்தை வரைவோம். தாளின் கீழ்ப்பகுதியில் ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதிலிருந்து நேர் மேலே 2 அலகு வரையுங்கள். இதுவே நமக்கு மிக அருகிலுள்ள விளிம்பு. அதன் கீழ்முனையிலிருந்து வலப்புறம் மேல்நோக்கிச் சாய்வாக 4, இடப்புறம் மேல்நோக்கிச் சாய்வாக 3 அலகு வரையுங்கள். மேல்முனையிலிருந்தும் அவ்வாறே வரைந்து, இரு பக்க முனைகளையும் செங்குத்துக் கோடுகளால் மூடுங்கள். எண்ண வேண்டியவை இடைவெளிகள், புள்ளிகள் அல்ல. 4 அலகுக் கோட்டில் 5 புள்ளிகள் இருக்கும்.

இனி மேல்முகம். வலது மேல்முனையிலிருந்து இடப்புறம் மேல்நோக்கி 3, இடது மேல்முனையிலிருந்து வலப்புறம் மேல்நோக்கி 4. இரண்டும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது. தெரியும் விளிம்புகள் 9. மறைந்த மூன்றை வேண்டுமானால் விட்டுவிட்டு வரைந்த கோடுகளாகக் காட்டலாம். மேல்முகத்தின் மூலைகள் 60, 120 பாகைகளாகத்தான் தெரியும். அவற்றைச் செங்கோணமாக்க முயன்று படத்தைக் கெடுக்காதீர்கள்.

தயவுசெய்து கனச்சதுரத்தில் பயிற்சியைத் தொடங்காதீர்கள். அதில் நீளத்தையும் அகலத்தையும் மாற்றி எண்ணினாலும் பிழை தெரியாது. மறைந்திருக்கும் பின்புற அடிமூலையும், நமக்கு அருகிலுள்ள மேல்மூலையும் ஒரே புள்ளியில் விழுந்து குழப்பும்.

ஆப்பு போன்ற சாய்வு முகமுள்ள திண்மத்தில் சாய்வுக் கோட்டின் நீளத்தைத் தாளில் அளக்கவே வேண்டாம். அதன் இரு முனைகளையும் மேற்சொன்ன மூன்று திசைகளில் எண்ணிக் குறித்த பிறகே அவற்றை இணையுங்கள்.