ஐந்து கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு: வயலினைத் தரையில் அமர்ந்து பிடிப்பதும் பாடுபவரின் சுருதிக்குச் சேர்ப்பதும்

சென்ற மார்கழியில் என்னிடம் பயிலும் மாணவி ஒருவர், முதல் நாள் ஒரு பாடகிக்கு ஐந்து கட்டையில் வாசித்த அதே வயலினை, மறுநாள் ஒரு பாடகருக்காக ஒரு கட்டைக்கு இறக்கிக்கொண்டு மேடையேறினார். சுருதி சேர்த்தது சரியாகவே இருந்தது. ஆயினும் ஆலாபனையில் வில்லை அழுத்தி அவர் முதல் தந்தியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பஞ்சமம் சற்றே ஏறிப் பிறந்து, பிறகுதான் தன் இடத்தில் வந்து நின்றது. கச்சேரியின் பாதியில் அவர் தம் விரல்களைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார் என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. குறை விரலில் இல்லை. தளர்ந்துபோன தந்தியில் இருந்தது.

கடையில் வாங்கும் தந்திகள் மேலைநாட்டு முறைக்கென, அதாவது தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஜி, டி, ஏ, இ என்ற சுரங்களில் நிற்பதற்கென்று செய்யப்படுபவை. நாமோ அவற்றை மந்திர ஸ்தாயி ஸட்ஜம், பஞ்சமம், மத்திய ஸ்தாயி ஸட்ஜம், பஞ்சமம் என்று சேர்க்கிறோம். மிக மெல்லியதே முதல் தந்தி, மிகத் தடித்தது நான்காம் தந்தி. ஐந்து கட்டை என்றால் ஸட்ஜம் ஜி. அப்போது மூன்றாம், நான்காம் தந்திகள் தம் இயல்பான நிலையிலேயே இருக்க, இரண்டாம் தந்தியும் முதல் தந்தியும் ஒவ்வொரு சுரம் மட்டுமே இறங்குகின்றன. அதனால் வயலின் அதிகம் மாறுவதில்லை. ஒரு கட்டை என்றால் ஸட்ஜம் ஸி. நான்கு தந்திகளும் அங்கிருந்து மேலும், பஞ்சமத்திலிருந்து ஸட்ஜம் வரையுள்ள தொலைவு கீழே இறங்க வேண்டும். ஒரு தந்தியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் இருபடிக்கு ஏற்ப மாறுகிறது. ஆகவே நான்காம் தந்தியில் எஞ்சுவது இயல்பான இழுவிசையில் ஏறக்குறைய 44 விழுக்காடு. முதல் தந்தியிலோ 35 விழுக்காடுதான். இப்படித் தளர்ந்த தந்தியை வில் வலுவாக இழுக்கும்போது தந்தி நீண்டு சுருதி ஏறுகிறது, வில் தளர்ந்ததும் இறங்குகிறது. சோதிப்பது எளிது: வெறுந்தந்தியை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை ஓங்கியும் மீட்டிப் பாருங்கள். ஓங்கி மீட்டும்போது நாதத்தின் தொடக்கம் மேலே கேட்டால், அந்தத் தந்தி அந்தச் சுருதிக்கு உரியதன்று.

தாழ்ந்த சுருதிக்கென நான் வைத்திருக்கும் இரண்டாவது வயலினில் தந்திகளை ஓர் இடம் தள்ளிக் கட்டியிருக்கிறேன். முதல் தந்தியின் இடத்தில் ஏ தந்தி, இரண்டாவது இடத்தில் டி, மூன்றாவது இடத்தில் ஜி. நான்காவது இடத்துக்கு மட்டும் ஐந்து தந்தி வயலினுக்கென விற்கப்படும் ஸி தந்தி. இவற்றில் ஏ தந்தியும் டி தந்தியும் ஒவ்வொரு சுரம் மட்டும் இறங்க, மற்ற இரண்டும் தமக்குரிய சுருதியிலேயே நிற்கின்றன. தடித்த தந்திகளுக்கேற்ப மேற்கட்டையிலும் குதிரையிலும் உள்ள பள்ளங்களைச் சற்று அகலப்படுத்த வேண்டும். அதைக் கைதேர்ந்த வேலையாளிடம் கொடுத்துச் செய்வதே நல்லது. இப்படிக் கட்டிய வயலினை அவசரத்துக்காக ஐந்து கட்டைக்கு ஒருபோதும் ஏற்றாதீர்கள். இழுவிசை இரண்டேகால் மடங்காகும். தந்தி அறுவதோடு நிற்காமல் குதிரை சாயலாம், மேற்பலகையே விரியலாம்.

இனிப் பிடிப்பதைப் பற்றி. சப்பணமிட்டு அமர்ந்து, வலது பாதத்தைச் சற்று முன்னே நகர்த்தி, வயலினின் சுருள்தலையைக் கணுக்காலுக்கு அருகே பாதத்தின் மேல் வைக்கிறோம். அடிப்பகுதி இடது தோளுக்குக் கீழே, மார்பில் சாய்கிறது. இந்த இரண்டு இடங்களே முழு எடையையும் தாங்க வேண்டும். அப்படித் தாங்குகிறதா என்பதை, இடது கையை முழுவதுமாக எடுத்துவிட்டு வெறுந்தந்தியில் வில் போட்டுப் பார்த்தால் அறியலாம். வயலின் அசையாமல் நின்றால் பிடி சரி. சரிந்தால், இதுவரை உங்கள் கட்டைவிரல்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். எடையைத் தாங்கும் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, ஒரே தந்தியில் கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை வழுக்கிச் செல்லும் ஜாருவைத் தடையின்றி வாசிக்க முடியாது. பட்டு வேட்டியிலும் பட்டுப்புடவையிலும் சுருள்தலை நழுவும். நான்காக மடித்த பருத்திக் கைக்குட்டையைக் கணுக்காலில் இட்டால் போதும், கால் மரத்துப்போவதும் குறையும். வலது முழங்கால் உயர்ந்திருப்பவர்களுக்கு முதல் தந்தியில் வில் முழங்காலை இடிக்கும். அவர்கள் வில்லை ஒதுக்கப் பார்க்காமல், இடுப்புக்குக் கீழே மெல்லிய திண்டு ஒன்றை இட்டு முழங்காலைத் தாழ்த்த வேண்டும்.

பிடியும் சுருதியும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு; அதைப் பலரும் கவனிப்பதில்லை. சுருள்தலைக்கு மிக அருகில் இருக்கும் இரண்டு பிரடைகளும் இரண்டாம், மூன்றாம் தந்திகளுக்கு உரியவை. பாதம் சற்று மேலே வந்துவிட்டால் கணுக்கால் எலும்போ துணியோ அந்தப் பிரடையைத் தொடும். உணர்ச்சியோடு வாசிக்கையில் உடல் அசைய, பிரடை மயிரிழை திரும்பி, இரண்டாம் தந்தியின் மத்திய ஸட்ஜம் இறங்கிவிடும். என் மாணவர் ஒருவர் பல மாதங்கள் தம் பிரடை வழுக்குகிறது என்று எண்ணிச் சுண்ணக்கட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். பாதத்தை இரண்டு விரற்கடை முன்னே தள்ளி வைத்ததும் அந்தத் தொல்லை நின்றது.

மேடையில் சுருதி சேர்க்கும்போது, "ஐந்து கட்டை" என்று சொல்லக் கேட்டு வீட்டிலேயே கருவியின் திரையைப் பார்த்துச் சேர்த்து வருவது போதாது. பாடுபவர் அன்றைக்கு வைத்திருக்கும் தம்புரா அல்லது சுருதிப் பெட்டி எங்கே நிற்கிறதோ அதுவே ஸட்ஜம். அது ஐந்து கட்டைக்குச் சற்று மேலேயோ கீழேயோ இருக்கக்கூடும். முதலில் இரண்டாம் தந்தியைத் தம்புராவின் ஸட்ஜத்தில் கரையும்வரை சேர்த்து, அதன் பிறகு முதல் தந்தியை அதனோடு ஒன்றாக மீட்டிச் சேர்க்க வேண்டும். சுருதி காட்டும் திரையின் பஞ்சமம், நம் காது கேட்கும் பஞ்சமத்தைவிட மிகச் சிறிய அளவு தாழ்ந்தது. ஒரு கட்டையில் அந்த வேறுபாடு விநாடிக்கு ஏறக்குறைய ஓர் அலையாக, மெல்லிய தள்ளாட்டமாகக் கேட்கும். அந்த அலை நின்று இரண்டு தந்திகளும் ஒரே நாதமாக ஒலிக்கும்போது நிறுத்துங்கள். எப்போதும் சற்றுக் கீழே இறக்கி, அங்கிருந்து மேலேறியே சேருங்கள். மேலிருந்து இறக்கிச் சேர்த்தால், மேற்கட்டையின் பள்ளத்தில் சிக்கிய இழுப்பு பின்னர் விடுபட்டுச் சுருதி மாறும்.

ஒரே வயலினைத்தான் வைத்திருக்கிறோம், தந்திகளை மாற்றியே ஆக வேண்டும் என்றால், கச்சேரிக்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே மாற்றுங்கள். புதுத் தந்தி நீண்டு நிலைபெற அவ்வளவு காலமாவது வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாமல், ஒன்றைக் கட்டிச் சற்று முறுக்கிய பிறகே அடுத்ததை அவிழ்க்க வேண்டும். நான்கும் தளர்ந்தால் குதிரை விழும். அதோடு, உள்ளே மேற்பலகையையும் அடிப்பலகையையும் தாங்கி நிற்கும் சிறு மரத்தூணும் சாயக்கூடும், அதை நிமிர்த்த வயலினைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக நேரிடும். ஒவ்வொரு தந்தியை ஏற்றிய பிறகும் பக்கவாட்டிலிருந்து குதிரையைப் பாருங்கள்: தந்தி இழுக்க இழுக்க அதன் மேல்முனை விரற்பலகையை நோக்கிச் சாயும். வால்பக்கம் பார்த்த அதன் முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக வரும்வரை, இரு கைவிரல்களாலும் மேல்முனையைப் பற்றி மெல்லப் பின்னே இழுத்து நிறுத்திவிட்டே அடுத்த தந்திக்குச் செல்ல வேண்டும்.